மூன்று வருடம் ஒரே வரி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என் கீழே பதினெட்டுப் பேர். ஒவ்வொரு மே மாதமும் பதினெட்டு அப்ரைசல் ஃபார்ம் எழுத வேண்டும். மதிப்பெண், இலக்கு, சாதனை எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் ‘வளர்ச்சித் திட்டம்’ என்று ஒரு பெட்டி வரும். பயிற்சித் தேவைகள், அடுத்த கட்டப் பணி என்று இரண்டு தலைப்பு. அங்கே வரும்போது கை சோர்ந்திருக்கும். அன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லி ஹெச்.ஆர். இரண்டு முறை போன் செய்திருப்பார்கள்.

2024 மே மாதம் இறுதிச் சோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணின் ஃபார்மை எழுத உட்கார்ந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர், ஆறு வருட அனுபவம், திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருபவர். போன வருடம் என்ன எழுதினோம் என்று பார்க்கலாம் என்று பழைய ஃபார்மைத் திறந்தேன். ‘தகவல் தொடர்புத் திறனை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்’ என்று இருந்தது. அதற்கு முந்தைய வருடத்தைத் திறந்தேன். அதே வரி. 2021-இலும் அதே வரி. மூன்றையும் எழுதியவன் நான்தான். இந்த மூன்று வருடத்தில் அவர் ஒரே ஒரு வகுப்புக்குப் போயிருந்தார். எங்கள் கான்ஃபரன்ஸ் ஹாலில் நடந்த அரை நாள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. அவர் வேலையில் ஆங்கிலம் பேச வேண்டிய ஒரு இடம் கூடக் கிடையாது.

அந்த ஃபார்மை அன்று அனுப்பவில்லை. ஹெச்.ஆரிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வாரத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு எல்லா ஃபார்மையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். தினமும் காலை ஒன்பதரைக்கு உற்பத்திப் பிரிவோடு ஒரு கூட்டம் நடக்கும். முந்தைய நாள் எத்தனை பாகம் ரிஜெக்ட், எதனால் என்று பேசுவோம். அந்தக் கூட்டத்தில் அவர் பேசமாட்டார். உற்பத்தி சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். அதைத்தான் நான் ‘தகவல் தொடர்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அதே பெண், புதிதாக வந்த டிரெய்னிகளுக்கு வரைபடம் படிக்கச் சொல்லித் தருவதை நான் பார்த்திருக்கிறேன். தெளிவாக, பொறுமையாக, ஒரு வார்த்தை வீணாக்காமல் சொல்வார். பேசத் தெரியாதவர் இல்லை. அப்படியென்றால் கூட்டத்தில் என்ன தடுக்கிறது?

ஒரு சனிக்கிழமை மதியம், ஷிஃப்ட் முடிந்த பிறகு, கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். வேண்டுமென்றே இன்க்ரிமென்ட் பேச்சு நடக்கும் நாளில் இதை வைக்கவில்லை. அந்த நாளில் எத்தனை சதவீதம் என்று தெரிந்த பிறகு யார் காதிலும் வேறு எதுவும் ஏறாது. ‘உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?’ என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பதிலாக ஹெச்.ஆர். அனுப்பிய பட்டியலில் இருக்கும் பெயர்கள்தான் வரும். “போன வருஷம் எந்த நாள்ல வேலை உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஒரு நாளைச் சொல்லுங்கம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். “நவம்பர்ல அந்த ஹவுசிங் லாட் நின்னது ஞாபகம் இருக்கா சார்? நான் செக் பண்ணா துளை பெருசா இல்ல. ரெண்டாவது ஷிஃப்ட்ல அண்ணன் செக் பண்ணா பெருசு. எனக்கு ஒண்ணு வருது, அவருக்கு ஒண்ணு வருது. மீட்டிங்ல சூப்பர்வைசர் சார், ‘உங்களுக்குள்ளயே முதல்ல பேசி முடிவுக்கு வாங்க’ன்னுட்டார். அதுக்கு நான் என்ன சார் சொல்றது?”

எனக்கு அந்த லாட் நன்றாக நினைவிருந்தது. 25 மில்லிமீட்டர் துளை, அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் மொத்தமே 0.021 மில்லிமீட்டர். இரண்டு பேருடைய அளவுக்கும் நடுவே 0.006 வரை வித்தியாசம். நல்ல பாகமா கெட்ட பாகமா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில், கால்வாசிக்கும் மேல் அளவிடுவதிலேயே காணாமல் போகிறது. அளவு தப்பா, பாகம் தப்பா என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அளவீட்டு முறை ஆய்வு, எங்கள் பேச்சில் எம்.எஸ்.ஏ. அது அவருக்குத் தெரியாது. தன் சந்தேகம் சரி என்று உள்ளுக்குள் தெரிந்தும், அதைக் காட்டக் கையில் எதுவும் இல்லாததால்தான் அவர் குனிந்துகொண்டிருக்கிறார். மூன்று வருடம் நான் எழுதிய நோய் வேறு, அவருக்கு இருந்த நோய் வேறு.

இதில் நான் பிடித்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான். பயிற்சித் தேவை என்று ஒன்றை எழுதும் முன் அதற்கு ஒரு நாளும் ஒரு சம்பவமும் இருக்க வேண்டும். சம்பவம் கிடைத்தவுடன் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: அன்று அவர் செய்யாதது தெரியாததாலா, அல்லது தெரிந்தும் செய்ய வழி இல்லாததாலா? அதே சனிக்கிழமை அவர் சொன்ன இன்னொரு குறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.எம். என்ற அளவிடும் மெஷினின் அறிக்கைகள் தாமதமாகின்றன, அதற்காக கஸ்டமரிடமிருந்து திட்டு வருகிறது என்றார். பழைய வழக்கப்படி ‘நேர மேலாண்மை’ என்று ஒரு வகுப்பு எழுதியிருப்பேன். விசாரித்தால், அந்த மெஷினுக்கு இருப்பது ஒரே ஒரு ஆபரேட்டர், அவர் விடுப்பில் போனால் அறிக்கை நிற்கிறது. எந்த வகுப்புக்கு அனுப்பினாலும் இது தீராது. அது என் மேஜையில் இருக்க வேண்டிய வேலை, அவருடைய வளர்ச்சித் திட்டத்தில் அல்ல. பயிற்சிப் பட்டியலில் இருந்து எடுத்து என் இலக்குகளில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது வகுப்பு. எம்.எஸ்.ஏ. இரண்டு நாள் வகுப்பு வெளியில் நடத்துகிறார்கள், உள்ளேயும் ஆள் வைத்து நடத்தலாம். எங்கள் தொழிற்சாலையிலேயே இதற்கு முன் நான்கு பேர் போய் வந்திருக்கிறார்கள். நான்கு பேருடைய சான்றிதழும் ஃபைலில் இருக்கிறது, ஆடிட்டர் கேட்டால் காட்டுவோம். அந்த நான்கு பேரில் திரும்பி வந்து ஒரு ஆய்வு செய்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வகுப்பு முடிந்து திங்கட்கிழமை வந்தால் மேஜையில் வழக்கமான வேலை குவிந்திருக்கும், எந்த அளவுக் கருவியில், அதாவது எந்தக் கேஜில் ஆய்வு செய்வது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், செய்ய நேரமும் கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு மாதத்தில் மறந்துபோகும்.

அதனால் வகுப்பின் பெயரை எழுதுவதற்கு முன் வகுப்புக்குப் பின்னால் வரும் வேலையை எழுதினோம். அதே துளை, அதன் விட்டத்தை அளக்கும் அதே போர் கேஜ். வழக்கமான ஆய்வு என்றால் பத்து பாகம், மூன்று பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாகத்தையும் மூன்று முறை அளக்க வேண்டும். மொத்தம் 90 அளவுகள். எந்தப் பாகம் என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. கணக்குப் போட்டால் அளவிடுவதால் வரும் வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று தெரியும். 10-க்குக் கீழே என்றால் கேஜும் ஆட்களும் நம்பத்தக்கவர்கள், 10 முதல் 30 வரை என்றால் பயன்பாட்டைப் பார்த்து ஏற்கலாம், 30-க்கு மேல் போனால் அந்த அளவை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. காகிதத்தில் சின்ன வேலைதான். ஆனால் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் ஒரு இடத்துக்கு வர வேண்டும், பாகங்களை எடுத்து வைக்க வேண்டும், கணக்கு, அறிக்கை எல்லாம் சேர்த்து அவருக்கு ஆறு அரை நாளாவது தேவைப்படும் என்று கணக்கிட்டோம்.

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சாகின்றன. ஆறு அரை நாள் அவர் சோதனை மேஜையை விட்டு எழுந்தால் அங்கே யார் நிற்பது? அவர் நிற்காவிட்டால் அன்றைய லாரி கிளம்பாது. நான் உற்பத்தி மேலாளரிடமும் இன்னொரு லைன் இன்ஸ்பெக்டரிடமும் பேசி, புதன்கிழமைகளில் மதியத்துக்கு முன் ஒருவர் வந்து நிற்பார் என்று முடிவு செய்து, அந்த ஆளின் பெயரையும் ஃபார்மிலேயே எழுதினேன். ஹெச்.ஆரில் இருந்த பெண் போன் செய்து, “சார், டெவலப்மென்ட் பாக்ஸ்ல எதுக்கு வேற எம்ப்ளாயி பேரு?” என்று கேட்டார். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் நடக்காது என்று விளக்கினேன். விட்டுவிட்டார்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஒரு வருடத்துக்கு எத்தனை பயிற்சி எழுதலாம் என்பது தெளிவானது. அவருக்கு மாற்று ஆள் கிடைப்பது மாதத்துக்கு இரண்டு அரை நாள்தான். அதாவது வருடத்தில் பன்னிரண்டு முழு நாள். அதில் பாதி விடுப்பிலும் கஸ்டமர் அவசரத்திலும் போய்விடும். மீதி ஆறு நாளில் இரண்டு நாள் வகுப்பும் ஆறு அரை நாள் செய்முறையும் சேர்ந்தால் ஐந்து நாள் போயிற்று. ஒன்றுக்குத்தான் இடம். ஹெச்.ஆர். பட்டியலில் அவருக்கென்று புள்ளியியல் முறை, பிழை ஆய்வு, உள் தணிக்கையாளர் பயிற்சி, எக்செல், தலைமைப் பண்பு என்று ஐந்து குறித்திருந்தார்கள். ஐந்தையும் அடித்தேன். அவருக்கே முதலில் கொஞ்சம் வருத்தம், “மத்தவங்களுக்கு நாலஞ்சு இருக்கு சார்” என்றார். நியாயமான வருத்தம்தான். அந்த நாலஞ்சில் போன வருடம் எது நடந்தது என்று இருவருமாக எண்ணிப் பார்த்தோம். அப்புறம் அவரே அதை விட்டுவிட்டார்.

அடுத்து, பாதை. இதை எழுதுவதுதான் எனக்கு எப்போதும் பயம். ‘அடுத்த கட்டப் பணி’ என்ற இடத்தில் ‘இன்ஜினியர்’ என்று எழுதினால் அது வாக்குறுதியாகிவிடுகிறது. எழுதாமல் விட்டால் ஆறு வருடம் வேலை செய்தவரை எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வைக்கிறோம். நடுவே ‘கூடுதல் பொறுப்புகளை ஏற்கத் தயாராகலாம்’ என்று ஒரு பாதுகாப்பான வரி இருக்கிறது. அதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

நான் செய்தது நாற்காலிகளை எண்ணியது. எங்கள் பிரிவில் லைன் தர இன்ஜினியர் நாற்காலி நான்கு. ஒருவர் 2026-இல் ஓய்வு பெறுகிறார். அளவீட்டு அறையில் இரண்டு. கஸ்டமர் தரம் பார்ப்பவர் ஒருவர், மாதத்தில் பாதி நாள் ஓசூரிலும் ஶ்ரீபெரும்புதூரிலும் இருப்பார். அப்புறம் ஹெச்.ஆரிடம் விதியைக் கேட்டேன். எங்கள் நிறுவனத்தில் டிப்ளமோ படித்தவர் எட்டு வருட அனுபவத்துக்குப் பிறகு இன்ஜினியர் கிரேடுக்குத் தகுதி பெறுகிறார். சீனியர் இன்ஜினியர் வரை பட்டம் தேவையில்லை, மேலாளர் ஆக பட்டம் வேண்டும். இத்தனை வருடமாக இதை நான் கேட்டதே இல்லை. அவரும் பட்டம் இல்லாமல் இன்ஜினியர் ஆகவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் பகுதிநேர பி.இ. சேரலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை, பையன் யு.கே.ஜி., மாலை வகுப்பு முடிந்து திருநின்றவூர் போய்ச் சேர ராத்திரி பத்து. அதெல்லாம் அவருக்குத் தெரியும். சேராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த நாற்காலிக்கு அது தேவையில்லை, அதற்கும் அடுத்ததற்குத் தேவையில்லை, மூன்றாவதற்குத் தேவை என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை என்று அவரே கணக்குப் போட்டார். பட்டப்படிப்பை நிறுவனத் திட்டமாக நான் எழுதவில்லை. அது அவருடைய முடிவு, அவருடைய பணம். தேர்வு வாரங்களில் ஷிஃப்ட் மாற்றித் தருவேன் என்பது மட்டும்தான் என்னால் கொடுக்க முடிந்தது, அதை வாயால் சொன்னேன்.

கஸ்டமர் தரப் பணி பற்றிப் பேசும்போது ஒரு தவறு செய்யப் பார்த்தேன். சின்னப் பையன் இருக்கிறான், ஊர் ஊராகப் போகமாட்டார் என்று நானே முடிவு செய்து அதைச் சொல்லாமலே விட இருந்தேன். எதற்கும் கேட்போமே என்று கேட்டேன். “ஓசூர் போயிட்டு அன்னைக்கே திரும்பறதுன்னா பிரச்சினை இல்ல சார், அம்மா பாத்துப்பாங்க. நைட் ஷிஃப்ட்தான் முடியாது” என்றார். நான் நினைத்ததற்கு நேர் எதிர். லைன் தர இன்ஜினியர் என்றால் எங்களிடம் சுழற்சியில் நைட் ஷிஃப்ட் உண்டு. அப்படியென்றால் ஓய்வு பெறுகிறவரின் நாற்காலி அவருக்கு வசதியானது இல்லை. அளவீட்டு அறை, அதிலிருந்து கஸ்டமர் தரம் என்ற வழிதான் அவர் உண்மையில் நடக்கக்கூடியது. அந்த வழிக்கு எம்.எஸ்.ஏ. முதல் படி என்பது நல்ல பொருத்தமாக அமைந்தது.

கடைசியில் பெட்டியில் எழுதியது இவ்வளவுதான்:

‘2023 நவம்பரில் ஹவுசிங் துளை அளவில் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே வித்தியாசம் வந்தபோது, காரணத்தை நிரூபிக்கும் முறை தெரியாததால் லாட் மூன்று நாள் நின்றது. தேவை: அளவீட்டு முறை ஆய்வு. ஜூன் மாதம் இரண்டு நாள் வகுப்பு. ஆகஸ்ட் இறுதிக்குள் அதே போர் கேஜில் முழு ஆய்வைத் தானே செய்து, முடிவைக் காலைக் கூட்டத்தில் வைப்பார். உதவி: அளவீட்டு அறை சீனியர். நேரம்: ஆறு புதன்கிழமை முற்பகல், மாற்று ஆள் முடிவாகிவிட்டது. அடுத்த பணிக்கான வழி: அளவீட்டு அறை. அங்கே இடம் வரும்போது பரிசீலிக்கப்பட, மூன்று கேஜ்களில் ஆய்வு முடித்திருக்க வேண்டும், அதில் ஒன்றைப் பிறர் உதவியின்றிச் செய்திருக்க வேண்டும். 2026-க்கு முன் இடம் காலியாகும் என்று இப்போது சொல்ல முடியாது.’

மாற்று ஆள் என்ற இடத்தில் ஃபார்மில் பெயர் இருந்தது, இங்கே எடுத்துவிட்டேன். கடைசி வரியை எழுத வேண்டாம், ஊக்கம் குறையும் என்று என் மேலதிகாரி சொன்னார். நான் விடவில்லை. காலியாகாத நாற்காலியைக் காட்டி இரண்டு வருடம் காத்திருக்க வைப்பதை விட, தெரியாது என்று எழுதுவது அவருக்குப் பயன்படும். வேறு வேலை தேடுவதா, இங்கேயே இருப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்த வரி வேண்டும்.

நடந்தது முழுக்கத் திட்டப்படி இல்லை. வகுப்பு ஜூனில் முடிந்தது. ஜூலையில் மாற்று ஆளை இன்னொரு லைனுக்கு இழுத்துவிட்டார்கள், நான்கு புதன்கிழமை போயிற்று. ஆகஸ்ட் என்றது அக்டோபர் ஆனது. செப்டம்பர் நடுவருட ஆய்வில் தாமதத்துக்குக் காரணம் ஆள் கொடுக்காதது என்று என் பெயரில் எழுதினேன், அவர் பெயரில் அல்ல.

முதல் ஆய்வில் 36 சதவீதம் வந்தது. வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆளுக்கு ஆள் மாறுவதாக இருந்தது. அவர் மூன்று பேர் அளப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். போர் கேஜைத் துளைக்குள் விட்டு லேசாக ஆட்டி, முள் திரும்பும் இடத்தில் உள்ள மிகக் குறைந்த அளவைப் படிக்க வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் அண்ணன் ஆட்டாமலே படித்தார். அளவு தெரிந்த வளையமான ரிங் கேஜில் பூஜ்யம் வைப்பதும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். அதைச் சரிசெய்து மறுபடி செய்தபோது 18 வந்தது.

இதற்கு மேல் அவர் ஒன்று கண்டுபிடித்தார், அது வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இல்லை. இரண்டாவது ஷிஃப்டில் பாகம் மெஷினை விட்டு வந்த சூட்டோடு அளக்கிறார்கள். இவர் காலையில் அளப்பது ராத்திரி முழுக்க ஆறிய பாகம். எஃகில் 25 மில்லிமீட்டர் அளவு, பத்து டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.003 மில்லிமீட்டர் பெரிதாகும். நவம்பரில் சண்டை போட்டுக்கொண்ட 0.006-இல் பாதி அங்கே இருந்தது. பாகத்தை அரை மணி நேரம் ரிங் கேஜோடு ஒரே மேஜையில் வைத்த பிறகே அளக்க வேண்டும் என்று ஒரு வரி வேலைக் குறிப்பில் சேர்ந்தது.

அக்டோபர் கடைசியில் காலைக் கூட்டத்தில் அந்த ஒரு பக்க அறிக்கையை வைத்தார். சூப்பர்வைசர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் காகிதத்தைக் காட்டியே பதில் சொன்னார். குரல் ஒன்றும் பெரிதாக இல்லை, முன்பு இருந்த அதே குரல்தான். யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸில் அவர் பெயருக்கு நேரே வட்டத்தின் மூன்றாவது கால் பகுதியைக் கறுப்பாக்கினேன். எங்கள் கணக்கில் அதற்குத் ‘தனியாகச் செய்வார்’ என்று பொருள். நான்காவது கால், ‘பிறருக்குச் சொல்லித் தருவார்’.

2025 மே மாதம் அப்ரைசல் பேச்சுக்கு அவர் ஒரு காகிதத்தோடு வந்தார். அடுத்த இரண்டு கேஜ், ஒவ்வொன்றுக்கும் மாதம், எத்தனை அரை நாள் என்று எல்லாம் தானே எழுதியிருந்தார். ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக விட்டிருந்தது: ‘மாற்று ஆள்’.

“இத நீங்க முதல்ல ஃபில் பண்ணிக் கொடுங்க சார். மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார்.